பத்து செல்ஃபியில் ஒரு முகம்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

தீபாவளி வாழ்த்து அட்டையில் தன் முகம் ஓவியமாக வர வேண்டும், திருமண அழைப்பிதழில் தானும் மணமகனும் பழங்காலச் சிற்பம்போல் நிற்க வேண்டும் என்று கேட்கும் இளையவர்களை ஜொகூரில் அடிக்கடி பார்க்கிறேன். கையில் இருக்கும் செல்ஃபிகளைக் கொண்டு தங்கள் முகத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க இவர்களே முயல்கிறார்கள். பெரும்பாலும் முதல் முயற்சியில் யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் முகம்தான் வருகிறது. கணினி சரியில்லை, மென்பொருள் சரியில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். இந்தப் பயிற்சியைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவற்றில்தான் கோளாறு.

நம்பிக்கை: இதற்குப் பெரிய இயந்திரமும் ஆயிரக்கணக்கான படங்களும் வேண்டும்.

கூலாயிலும் செடெனாக்கிலும் எழும்பி நிற்கும் தரவு மையங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. அவ்வளவு பெரிய இயந்திரங்கள் தேவைப்படுவது அடிப்படை மாதிரியை உருவாக்கத்தான். ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற அந்த மாதிரிக்கு மனித முகம் என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரியும். அதற்குத் தெரியாதது உங்கள் முகம் மட்டுமே. கூகுள் ஆய்வுப் பிரிவும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட டிரீம்பூத் என்ற முறை, மூன்று முதல் ஐந்து படங்களிலேயே ஒரு புதிய ஆளையோ பொருளையோ கற்பிக்கலாம் என்று காட்டியது. அதே ஆண்டின் இறுதியில், மொழி மாதிரிகளுக்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2021இல் உருவாக்கிய லோரா முறை படங்களுக்கும் வந்து சேர்ந்தது. லோராவில் அடிப்படை மாதிரியை யாரும் தொடுவதில்லை. அதன்மேல் ஒரு சிறு திருத்தம் மட்டும் ஏறுகிறது. ஸ்டேபிள் டிஃபியூஷன் 1.5க்கு நடுத்தர அளவில் செய்தால் அந்தக் கோப்பு நாற்பது மெகாபைட்டைத் தாண்டாது. 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் வீட்டுக் கணினியே போதும்.

நம்பிக்கை: முகம் தெளிவாகத் தெரிந்தால் எந்தச் செல்ஃபியும் ஆகும்.

தொடங்குபவர்களை அதிகம் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். உங்கள் படங்களில் எது முகம், எது திரைச்சீலை என்று இந்தப் பயிற்சிக்குத் தெரியாது. எல்லாப் படங்களிலும் மாறாமல் இருப்பது எதுவோ, அதையே அது ‘நீங்கள்’ என்று எடுத்துக்கொள்ளும்.

ஸ்கூடாயில் இருக்கும் என் அக்கா மகள் பதினான்கு செல்ஃபிகளோடு தொடங்கினாள். பெரும்பாலானவை அவள் படுக்கையறையில், ஊதா நிறத் திரைச்சீலைக்கு முன்னால், முன்பக்கக் கேமராவில் கையை நீட்டி எடுத்தவை. பயிற்சி முடிந்ததும் டெசாரு கடற்கரையில் நிற்பதுபோல் ஒரு படம் கேட்டாள். கடல் வந்தது, கடலுக்கு முன்னால் ஊதாத் திரையும் வந்தது. மூக்கு அகன்றிருந்தது. தோல் மெழுகுபோல் வழுவழுவென்று, அவளுடைய நிறத்தைவிட வெளுத்திருந்தது. வலது மூக்கில் இருக்க வேண்டிய மூக்குத்தி ஒரு படத்தில் இடப்பக்கமும் இன்னொன்றில் இரு பக்கமும் இருந்தது.

நான்கு கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. திரைச்சீலை பெரும்பாலான படங்களில் இருந்ததால் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு அகலமானதற்குக் காரணம் தூரம். கை நீளத்தில் எடுக்கும் படத்தில் கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடித் தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கண்ணாடியில் பார்க்கும் நமக்கு அது நம் மூக்கு அல்ல என்று தெரியும். அந்தப் படங்களை மட்டுமே பார்க்கும் கணினிக்கு அதுதான் மூக்கு. வெளுத்த தோல், கைத்தொலைபேசியின் அழகுபடுத்தும் அமைப்பு செய்த வேலை. பல தொலைபேசிகளில் நாம் கேட்காமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கும். கறுப்பும் மாநிறமுமான நம் முகங்களுக்கு அது இரட்டை நட்டம், ஏனென்றால் அடிப்படை மாதிரியும் வெளிர் நிறத்தின் பக்கம் சாய்வதுண்டு. உண்மையான நிறத்தைக் காட்டும் படங்களைக் கொடுத்தால்தான் அந்தச் சாய்வை ஈடுகட்ட முடியும்.

மூக்குத்தி இடம் மாறியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முன்பக்கக் கேமரா சில தொலைபேசிகளில் கண்ணாடிப் பிம்பத்தையே சேமித்துவிடும். சட்டையில் இருக்கும் எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மற்றொன்று, படங்களைப் பெருக்கிக்கொள்வதற்காகச் சிலர் பயிற்சியில் `flip_aug` என்ற தெரிவை இயக்கிவிடுவது. அது ஒவ்வொரு படத்தையும் இடம் வலமாகத் திருப்பியும் காட்டும். மனித முகம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மச்சம், வகிடு, மூக்குத்தி உள்ள முகத்துக்கு அந்தத் தெரிவு ஆகவே ஆகாது.

இரண்டாவது சுற்றில் அவள் தோழி பின்பக்கக் கேமராவால், ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்துக் கொடுத்தாள். பல்கலைக்கழக ஏரிக்கரையில் காலை வெளிச்சம், கடைவீதி ஐந்தடிப் பாதையின் நிழல், இரவில் சமையலறை விளக்கு. நேர்முகம், பாதிமுகம், சிரிப்பு, சிரிக்காத முகம். ஒவ்வொன்றிலும் வேறு உடை. ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயிலில் எடுத்தவற்றை மட்டும் நீக்கச் சொன்னேன். மிக அழகான படங்கள்தாம், ஆனால் சுவரெங்கும் சிதறிய கண்ணாடிகளில் அவள் முகம் துண்டு துண்டாகப் பிரதிபலித்தது. வண்ண வெளிச்சம் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. நல்ல புகைப்படமாக இருப்பது வேறு, நல்ல பயிற்சிப் படமாக இருப்பது வேறு. குழுப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகங்களையும் வாட்ஸ்அப் வழியே சுருங்கி வந்த படங்களையும் விட்டுவிட்டோம். எண்ணிக்கை முன்பு இருந்ததைவிட அதிகமில்லை. அவளை அறிந்தவர்கள் பார்த்தவுடனே அடையாளம் சொல்லும் முகம் இம்முறை வந்தது.

நம்பிக்கை: பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினால் போதும்.

பயிற்சியில் உங்கள் முகத்தைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். ‘பிரியா’ என்று வைத்தால், அந்தப் பெயரோடு இணையத்தில் இருந்த முகங்களின் சாயல் மாதிரிக்குள் முன்பே இருக்கும். உங்கள் முகம் அவற்றோடு கலக்கும். ஆகவே பொருளற்ற எழுத்துக்கூட்டம் ஒன்றைத் தேர்கிறார்கள். ஆரம்பத்தில் எல்லாரும் `sks` என்று எழுதினார்கள். அது ஒரு சோவியத் துப்பாக்கியின் பெயர் என்பது பிறகுதான் பலருக்கு உறைத்தது, படங்களில் துப்பாக்கி எட்டிப்பார்த்தபோது. இப்போது பலர் `ohwx` என்பதை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு படத்தோடும் சேர்க்கும் குறிப்பு அதைவிட முக்கியம். குறிப்பில் எதைச் சொல்கிறோமோ, அது முகத்திலிருந்து பிரிந்து நிற்கும். சொல்லாமல் விட்டது அந்தச் சொல்லுக்குள் கரைந்துவிடும். `ohwx woman, purple curtain, blue t-shirt, smiling` என்று எழுதினால் திரையும் சட்டையும் சிரிப்பும் தனித்தனியாகப் பதிவாகின்றன. பின்னால் வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ளலாம். எல்லாப் படத்திலும் அதே திரை இருந்தால் குறிப்பு மட்டும் முழுதாகக் காப்பாற்றாது, ஆனால் பாதியாவது உதவும். மூக்குத்தி எப்போதும் இருக்க வேண்டும் என்றால் அதைப் பற்றி எழுதவே கூடாது. கண்வடிவத்தையும் முகவாயையும் வருணிப்பது பயனற்றது. அவைதாம் அந்தச் சொல்லுக்குள் போய்ச் சேர வேண்டியவை.

நம்பிக்கை: நீண்ட நேரம் பயிற்றுவித்தால் இன்னும் சாயல் கூடும்.

ஒரு கட்டம் வரை கூடும். அதன்பின் மாதிரி மனப்பாடம் செய்யத் தொடங்கும். `kohya-ss` வெளியிட்ட `sd-scripts` என்ற நிரல்தொகுப்பில் படங்கள் இருக்கும் கோப்புறைக்கு `10_ohwx woman` என்று பெயர் வைப்பார்கள். முன்னால் நிற்கும் 10, ஒரு சுற்றில் ஒவ்வொரு படத்தையும் எத்தனை முறை பார்க்க வேண்டும் என்பது. பதினான்கு படம் என்றால் சுற்றுக்கு 140 அடி, பத்துச் சுற்றுக்கு 1,400. தொடங்குபவர்களுக்கு இந்த அளவுகள் போதும்:

```
--network_dim=32 --network_alpha=16
--learning_rate=1e-4
--max_train_epochs=10
--save_every_n_epochs=1
```

கடைசி வரியை விட்டுவிடுபவர்கள் பத்தாவது சுற்றின் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றின் கோப்பையும் சேமித்து, ஒரே சீட் எண்ணிலும் ஒரே கட்டளையிலும் பத்துப் படம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். கட்டளையும் பயிற்சிப் படங்களுக்குத் தொடர்பில்லாததாக இருக்கட்டும். பென்சில் ஓவியம் கேட்டுப் பார்ப்பது நல்லது. அக்கா மகளின் வரிசையில் மூன்றாவது சுற்றில் அவள் ஜாடை மட்டும் இருந்தது. ஆறில் அவளே இருந்தாள், ஓவியமும் ஓவியமாகவே இருந்தது. ஒன்பதில் பென்சில் கோடுகள் மறைந்து புகைப்படம் வந்தது; அதே சிரிப்பு, அதே தலைச்சாய்வு, நிழல்கள் கருகியதுபோல் அழுத்தமாக. ஆறாவதைத்தான் வைத்துக்கொண்டோம். பயிற்சியின்போது திரையில் ஓடும் ‘லாஸ்’ என்ற எண் குறைவதைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். ஒவ்வொரு அடியிலும் படத்தில் சேரும் இரைச்சலின் அளவு மாறிக்கொண்டே இருப்பதால் அந்த எண்ணும் தாறுமாறாகத்தான் ஆடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. `ohwx` சொல்லை எடுத்துவிட்டு வெறும் `woman` என்று மட்டும் கேளுங்கள். அப்போதும் உங்கள் முகமே வந்தால், ‘பெண்’ என்ற பொதுச்சொல்லையே உங்கள் முகம் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அடிகளைக் குறைக்கலாம், அல்லது டிரீம்பூத் ஆய்விலேயே சொன்னபடி மற்றப் பெண்களின் பொதுப்படங்களையும் பயிற்சியில் சேர்க்கலாம்.

நம்பிக்கை: அது வெறும் எண்கள் நிறைந்த கோப்பு, பகிர்ந்தால் ஒன்றும் ஆகாது.

புகைப்படம் ஒரு கணத்தை மட்டும் காட்டும். இந்தக் கோப்பு வைத்திருப்பவர் நினைத்த உடையில், நினைத்த இடத்தில், உடையே இல்லாமலும் உங்களை நிறுத்த முடியும். 2025 ஏப்ரலில் கூலாயில் 16 வயது மாணவர் ஒருவர், உடன் படித்த பெண்களின் முகங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவில் ஆபாசப் படங்கள் தயாரித்து, ஒன்று 2 ரிங்கிட்டுக்கு விற்றதாகக் கைதானார். அந்தப் பெண்கள் எந்தக் கோப்பையும் யாருக்கும் கொடுக்கவில்லை, அவர்கள் முகம் சமூக ஊடகத்தில் இருந்ததே போதுமாக இருந்தது. அப்படியிருக்க, பயிற்சி முடித்த கோப்பை நாமே பொதுத்தளத்தில் ஏற்றுவது எனக்கு அச்சமூட்டுகிறது. தோழியின் முகத்தை அவளிடம் கேட்காமல் பயிற்றுவிப்பது விளையாட்டுக்காக இருந்தாலும் தவறுதான். வாடிக்கையாளர்களின் முகத்தைப் பயிற்றுவிக்க நினைக்கும் திருமணப் புகைப்படக்காரர்கள் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் செய்த திருத்தம், உடற்கூறு சார்ந்த அடையாளத் தரவையும் தனிக் கவனத்துக்குரிய தரவாகச் சேர்த்திருக்கிறது.

கோப்பை நம்பகமான ஒருவருக்குத்தான் கொடுக்கிறோம் என்றாலும் அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். `sd-scripts` தயாரிக்கும் `.safetensors` கோப்பின் தலைப்பகுதியில் நீங்கள் படங்களை வைத்திருந்த கோப்புறையின் பெயரும், குறிப்புகளில் எழுதிய சொற்களும் அவை எத்தனை முறை வந்தன என்பதும் தானாகவே பதிவாகிவிடும். கோப்புறைக்குச் சொந்தப் பெயரையும் குறிப்புகளில் பள்ளிச் சீருடையின் பெயரையும் எழுதியவர்கள் அவற்றையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். பயிற்சியைத் தொடங்கும்போதே `--no_metadata` என்று சேர்த்தால் அவை பதிவாகாது.