உங்கள் காலடியே அளவுகோல்

உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து 0.41-ஆல் பெருக்கினால், ஓர் எட்டின் நீளம் ஏறக்குறைய கிடைக்கும். 160 செ.மீ. உயரமென்றால் சுமார் 66 செ.மீ.

இது சராசரிக் கணக்குதான். நடை ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்வட்டத்தில், வழக்கமான செருப்போடு, வழக்கமான வேகத்தில் ஒரு சுற்று நடந்து எட்டுகளை எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்ற நினைப்பிலேயே கால் நீளும், கவனம்! 640 எட்டு வந்தால், 400 மீட்டரை 640-ஆல் வகுக்க, 0.625 மீட்டர், அதாவது 62.5 செ.மீ. இனி இதுதான் உங்கள் அளவு.

பேருந்து நிறுத்தம் 1,280 எட்டு என்றால் தூரம் 800 மீட்டர். 66 செ.மீ. என்றே வைத்திருந்தால் 45 மீட்டர் கூடுதலாகக் காட்டியிருக்கும்.

மேடு, மணல், கடைத்தெரு நெரிசலில் எட்டு குறுகிவிடும்; அங்கே இந்த அளவு செல்லாது.