மழை 12 நாள், டிராயிங் 14 நாள்: கூட்டினா எத்தனை?

சிவில் படிக்கிறவங்க கட்டாயம் எழுதத் தெரிஞ்சிருக்க வேண்டிய கடிதம் ஒண்ணு இருக்கு. வேலை முடிக்க கூடுதல் நாள் கேட்டு வீட்டுக்காரருக்கு கான்ட்ராக்டர் எழுதுற கடிதம். இதுல மொழியை விட நாள் கணக்குதான் அதிகம் தப்பாகும்.

ஒரு உதாரணம் வெச்சுக்கலாம். அறந்தாங்கி பக்கம் ஒரு மாடியில்லாத வீடு. டிசம்பர் 31-க்குள்ள முடிக்கணும்னு ஒப்பந்தம். சுவர் எழுப்பியாச்சு. ரூஃப் கம்பி டிராயிங்கை வீட்டுக்காரரோட இன்ஜினியர் அக்டோபர் 10-க்குள்ள தரணும், ஆனா 24-ஆம் தேதி மாலைதான் வந்துச்சு. அதனால 11 முதல் 24 வரை 14 நாள் போச்சு. அக்டோபர் 20 முதல் 31 வரை விடாம மழை, அது 12 நாள்.

இப்போ 14-ம் 12-ம் கூட்டி 26 நாள் கேட்கலாமா? கூடாது. 20 முதல் 24 வரை உள்ள 5 நாள் ரெண்டு கணக்குலயும் வருது. ஒரே நாளை ரெண்டு தடவை இழக்க முடியாது. அதனால 26-ல 5 போக, 21 நாள்தான்.

இன்னொரு கேள்வியும் வரும்: "ஐப்பசியில மழை பெய்யும்னு தெரியாதா?" நியாயமான கேள்வி. புதுக்கோட்டைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வழக்கமா வர்றதுதான். 2018 நவம்பர் 16-ல வந்த கஜா புயல் மாதிரின்னா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. சாதாரண மழைக்கு, ஒப்பந்தத்துல மழை நாள் ஏற்கெனவே ஒதுக்கியிருந்தா அதைக் கழிச்சுட்டுத்தான் கேட்கணும். நம்ம உதாரணத்துல அப்படி எதுவும் ஒதுக்கலை.

அடுத்து, அந்த நாள்ல நின்ன வேலை கடைசித் தேதியைத் தள்ளுதான்னு பாருங்க. ரூஃப் போடாம உள்பூச்சு, ஒயரிங், தரை எதுவும் நகராது. அதனால ரூஃப் நின்ன நாள் கணக்குல வரும். காம்பவுண்ட் சுவர் மட்டும் நின்னிருந்தா, அதைப் பிறகு மத்த வேலையோட சேர்த்தே முடிச்சிடலாம்; அதுக்கு நாள் கேட்க முடியாது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

நாள்: நவம்பர் 1

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வீட்டு ரூஃப் கம்பி டிராயிங் அக்டோபர் 10-க்குப் பதில் 24 மாலை கிடைத்தது. அக்டோபர் 20 முதல் 31 வரை தொடர் மழையால் சென்ட்ரிங், கம்பி வேலை செய்ய முடியவில்லை. இரண்டிலும் சேர்ந்து வரும் 5 நாட்களை ஒருமுறை மட்டுமே கணக்கிட்டுள்ளேன். மொத்தம் 21 நாட்கள். எனவே முடிக்கும் தேதியை ஜனவரி 21 என நீட்டித்து எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். தினசரி வேலைப் பதிவேட்டின் நகலும் மழைநாள் போட்டோக்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கான்ட்ராக்டர்

பதிவேட்டை அன்னன்னைக்கே எழுதி, வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. டிசம்பர் கடைசியில உட்கார்ந்து ஞாபகத்துல எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. பதிலையும் எழுத்துல வாங்குங்க. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 63-ஆம் பிரிவுப்படி வீட்டுக்காரர் நாளை நீட்டிக் கொடுக்கலாம். "சரிங்க, பார்த்துக்கலாம்"னு அவர் வாயால சொன்னது, பிறகு தாமதத்துக்குப் பணம் பிடிக்கும்போது உங்க கையில ஆதாரமா இருக்காது.