அறம் எவ்வளவு கேட்கலாம்?

நுழையும்முன்

துன்புறுவோருக்கு உதவுவது நல்லது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு உதவியபின் ஒருவர் நிறுத்திக்கொள்ளலாம் என்று கேட்கும்போதுதான் விடை நழுவுகிறது. செயலின் விளைவைக் கணக்கிட்டே அறத்தை முடிவு செய்ய வேண்டும் என்போர்முன் இக்கேள்வி வைக்கப்படும்போது என்ன நேர்கிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரு கட்டுரை பிறந்த சூழல்

1971ஆம் ஆண்டு, அன்று கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட இன்றைய வங்கதேசத்தில் நிகழ்ந்த வன்முறையினால் மக்கள் பெருந்திரளாக எல்லை கடந்து இந்தியாவை அடைந்தனர். ஏறத்தாழ 90 இலட்சம் பேர் ஏதிலியராயினர். அப்போது ஆக்ஸ்போர்டில் மெய்யியல் கற்பித்துவந்த பீட்டர் சிங்கர் என்னும் 25 வயது ஆஸ்திரேலியர் இத்துயரை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 'பஞ்சம், செல்வவளம், ஒழுக்கம்' என்னும் பொருள்படும் தலைப்புடன் 1972இல் அது வெளிவந்தது.

அக்கட்டுரை சில தொகைகளைச் சுட்டுகிறது. அந்த ஏதிலியரை ஓராண்டு உயிருடன் காக்க 46 கோடியே 40 இலட்சம் பவுண்டு தேவை என அன்று மதிப்பிடப்பட்டது. பிரிட்டன் அளித்ததோ 1 கோடியே 47½ இலட்சம் பவுண்டு. அதே பிரிட்டன், கான்கார்டு விமானத்தை உருவாக்கத் திரும்பப் பெறவியலாத செலவாக 27½ கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கியிருந்தது. உதவும் ஆற்றல் இல்லாமையால் அன்று, உதவுவது கட்டாயமில்லை என்னும் எண்ணத்தாலேயே மக்கள் மடிகின்றனர் என்பது சிங்கரின் கருத்து.

குளமும் குழந்தையும்

ஆழமற்ற குளத்தில் ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. அவ்வழியே செல்பவர் இறங்கித் தூக்கினால் உடை சேறாகும், குழந்தை பிழைக்கும். உடைக்காக அவர் விலகிச் சென்றால் எவரும் அதைப் பொறுக்கமாட்டார்கள். இவ்வுணர்வின் அடியிலுள்ள விதியைச் சிங்கர் எடுத்துரைக்கிறார்: ஒரு தீமையைத் தடுக்கும் ஆற்றல் ஒருவருக்கு இருந்து, அதனைத் தடுப்பதால் அதற்கு நிகரான மதிப்புடைய எதையும் அவர் இழக்க நேராது எனில், அதைத் தடுப்பது அவர் கடமையாகும்.

இவ்விதி தொலைவைப் பொருட்படுத்துவதில்லை. குழந்தை பத்தடி தூரத்தில் இருந்தாலும் பத்தாயிரம் கல் தொலைவில் இருந்தாலும் அதன் உயிரின் மதிப்பு மாறாது. கரையில் வேறு பலர் கைகட்டி நிற்கிறார்கள் என்பதும் ஒருவரின் கடமையைக் குறைக்காது. பொதுவழக்கில் ஈகை என்பது செய்தால் புகழ் தருவது. செய்யாவிடில் பழி தராதது. கடமையோ செய்யாவிடில் பழி தருவது. ஈகை எனக் கருதப்பட்டதன் பெரும்பகுதியைச் சிங்கரின் விதி கடமையின் பக்கம் நகர்த்திவிடுகிறது.

ஒவ்வொரு பவுண்டாக

இவ்விதி எங்கே கொண்டுசெல்லும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 46 கோடியே 40 இலட்சம் பவுண்டை 90 இலட்சம் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 52 பவுண்டு வரும். அதாவது, ஒருவரை ஒரு வாரம் காக்க ஒரு பவுண்டு போதும்.

அன்றைய இலண்டனில் வாரம் 30 பவுண்டு ஈட்டும் ஓர் எழுத்தரைக் கற்பனை செய்துகொள்வோம். வாடகை, உணவு முதலிய தேவைகளுக்கு 20 பவுண்டு போக அவரிடம் 10 பவுண்டு எஞ்சுகிறது. முதல் பவுண்டு, ஒரு மாலை திரைப்படம் பார்ப்பதற்கானது. திரைப்படம் ஒரு தட்டில், ஓர் உயிரின் ஒரு வாரம் மறுதட்டில். ஐயமின்றி அவர் அப்பவுண்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின்னும் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் எஞ்சியுள்ளனர். ஆகவே, அதே கேள்வி இரண்டாம் பவுண்டைப் பற்றியும் எழுகிறது. அது ஒரு நூல் வாங்குவதற்கானது. நூலும் தோற்கிறது. ஏழாவது பவுண்டு, ஊரிலுள்ள தாயைக் காணச் செல்லும் தொடர்வண்டிக் கட்டணம். பத்தாவது பவுண்டு, மகளின் இசைப் பயிற்சிக்கானது. தனித்தனியே எடையிட்டால் இவையும் தோற்கின்றன.

பத்துடனும் இது முடிவதில்லை. சிறிய அறைக்குக் குடிபெயரலாம். எளிய உணவு உண்ணலாம். இன்னும் ஒரு பவுண்டு கொடுத்தால் அவருக்கு ஏற்படும் துன்பம், அதனால் பெறுபவருக்கு நீங்கும் துன்பத்திற்கு இணையாகும் இடத்தில்தான் தராசு நிலைகொள்கிறது. அவ்விடத்தில் எழுத்தரின் வாழ்க்கை முகாம் வாழ்க்கையை நெருங்கியிருக்கும். தம் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் இம்முடிவே கிட்டும் என்பதைச் சிங்கர் மறைக்கவில்லை.

மறுப்பு எங்கே எழுகிறது?

ஒவ்வொரு படியும் சரியெனத் தோன்ற, இறுதிப்படி திகைப்பூட்டுகிறது. ஒரு கொள்கை அறிமுகமற்றோருக்காக ஏறத்தாழ அனைத்தையும் துறக்கச் சொல்கிறது எனில், அக்கொள்கையில்தான் பிழை இருக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். இதுவே மிகைக்கோரல் மறுப்பு ஆகும்.

இம்மறுப்பைக் கவனமாகக் கையாள வேண்டும். கடினமானது என்பதனாலேயே ஒரு கடமை பொய்யாகிவிடாது. அடிமைகளை விடுவிப்பது உடைமையாளருக்குப் பேரிழப்பே. ஆயினும் அது அவர் கடமை. எனவே, 'இது கடினம்' என்று சொல்வது மட்டும் போதாது. அறம் கேட்கத் தகுந்த அளவை இது ஏன் மீறுகிறது என்றும் காட்ட வேண்டும்.

அவ்வாறு காட்ட முயன்றோருள் பெர்னார்டு வில்லியம்ஸ் ஒருவர். ஒருவர் தம் வாழ்வை எந்த ஈடுபாடுகளின்மேல் அமைத்துள்ளாரோ, அவற்றை உலகக் கணக்கு மாறும்போதெல்லாம் கைவிடச் சொல்வது அவரை அவரிடமிருந்தே பிரிப்பதாகும் என்று 1973இல் அவர் எழுதினார். எடுத்துக்காட்டில் வரும் எழுத்தர், மகளின் இசையையும் தாயையும் பிற செலவுகளோடு ஒன்றாக வைத்து எடைபோட வேண்டியிருந்தது. பின்னர் 1982இல் சூசன் உல்ஃப், எப்பொழுதும் அறச்செயல் ஒன்றையே எண்ணி வாழும் ஒருவரிடம் நகைச்சுவை, கலை, தனி விருப்பம் ஆகியவற்றுக்கு இடமே இராது என்றும், அத்தகைய வாழ்வை எவரும் தமக்கென விரும்பமாட்டார் என்றும் வாதிட்டார்.

விடைகள் மூன்று

முதல் விடை கணக்கிடுவோரிடமிருந்தே வருகிறது. எழுத்தர் தம் குளிராடையையும் விற்றுக் கொடுத்தால் நோயுறுவார், வேலையை இழப்பார், அடுத்த ஆண்டு ஒரு பவுண்டும் கொடுக்க இயலாது. ஆகவே, அனைத்தையும் துறப்பது நல்ல விளைவைத் தராது என்பர். இது உண்மையே. எனினும் இவ்விடையில், எழுத்தரின் நலம் வண்டிமாட்டுக்கு வைக்கும் தீனி போன்றதாகிறது. வண்டி ஓடும் அளவுக்கே தீனி. மகளின் இசைப் பயிற்சி அவரை மேலும் கொடுக்கத் தூண்டினாலன்றி அதற்கு இடமில்லை. மறுப்பு அப்படியே நிற்கிறது.

இரண்டாம் விடை நியாயமான பங்கு என்பது. வசதியுடைய அனைவரும் ஐந்து பவுண்டு கொடுத்தால் போதும் எனில், ஒருவர் அதற்குமேல் ஏன் கொடுக்க வேண்டும்? இக்கேள்வியைச் சிங்கரே எழுப்பி, மற்றவர்கள் கொடுக்காதபோது அவ்வாதம் பொருந்தாது என்றார். பிற்காலத்தில் லியாம் மர்ஃபி இக்கருத்தை விரிவாக வளர்த்தார். அனைவரும் தம் கடமையைச் செய்திருந்தால் ஒருவர்மேல் எவ்வளவு சுமை விழுந்திருக்குமோ, அவ்வளவே அவர் சுமக்க வேண்டும். பிறர் தவறியதற்காக அவர் மேலும் சுமக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. இதன் தொல்லை குளக்கரைக்குத் திரும்பினால் விளங்கும். இரு குழந்தைகள் மூழ்குகின்றன. கரையில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் ஓடிவிடுகிறார். மற்றவர் ஒரு குழந்தையைத் தூக்கிவிட்டு, 'என் பங்கு முடிந்தது' என்று கரையேறலாமா?

மூன்றாம் விடை சாமுவேல் ஷெஃப்லர் 1982இல் அளித்தது. ஒவ்வொருவரும் தம் வாழ்வின் நலன்களுக்குச் சற்றுக் கூடுதல் எடை தரலாம் என்கிறார் அவர். மகளின் பயிற்சிக்கு எழுத்தர் கூடுதல் எடை தரும்போது, பத்தாவது பவுண்டு அவரிடமே தங்கக்கூடும். ஆனால், கூடுதல் எடை எத்தனை மடங்கு? இருமடங்கா, நூறு மடங்கா? மிகக் குறைவெனில் மறுப்பு தீராது. மிக அதிகமெனில் குளத்துக் குழந்தையைவிட உடையே வென்றுவிடும்.

யாருக்குச் சுமை?

2007இல் டேவிட் சோபெல் இம்மறுப்பின் அடித்தளத்தையே வினவினார். 'இக்கொள்கை அளவுமீறிக் கேட்கிறது' என்னும்போது, யாரிடம் கேட்கிறது என்பதை நோக்க வேண்டும் என்றார். எழுத்தர் கொடுக்க வேண்டும் எனில் சுமை எழுத்தருக்கு. கொடுக்க வேண்டியதில்லை எனில் சுமை நீங்கிவிடுவதில்லை. அது முகாமில் இருப்பவர்மேல் இறங்குகிறது. உதவியின்றி மடிவது எழுத்தரின் இழப்பைவிடச் சிறிய சுமையன்று. அதனைச் சுமையாகவே எண்ணாமல், கொடுப்பவரின் இழப்பை மட்டும் கணக்கிட்டால்தான் மறுப்பு வலிமை பெறுகிறது. அதாவது, ஒருவருக்குத் தீங்கு செய்வதும் அவரை உதவியின்றி விடுவதும் வெவ்வேறு என்று மறுப்போர் முன்கூட்டியே கொண்டுவிடுகின்றனர். அவ்வேறுபாடு சரியானதாகவும் இருக்கலாம். ஆனால், விளைவுவாதிகள் ஏற்க மறுப்பது அதனைத்தான். ஆகவே, அதனைத் தனியே நிறுவ வேண்டும். மிகைக்கோரல் மறுப்பு தானாக அதை நிறுவாது.

மறுப்பின் எல்லை

இம்மறுப்பு முழுமையாக வென்றாலும் எதைக் காக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது தாயைக் காணும் ஏழாவது பவுண்டையும், இசைக்கான பத்தாவது பவுண்டையும் காக்கக்கூடும். திரைப்படத்துக்கான முதல் பவுண்டை அது தொடுவதே இல்லை. எங்கே நிறுத்துவது என்பது பற்றிய கருத்து வேறுபாட்டை, தொடங்காமலிருப்பதற்குக் காரணமாக்குவது பிழையான வாதம்.

சிங்கரும் தம் பழைய வாதத்தைக் கைவிடாமலே, 2009இல் எழுதிய நூலில் பொதுமக்களுக்கு எளிய அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். வசதியாக வாழ்வோர் வருமானத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடும், பெருஞ்செல்வர் அதனினும் மிகுதியாகவும் கொடுக்கலாம் என்பது அது. அதற்கு அவர் கூறிய காரணமும் விளைவைச் சார்ந்ததே: அளவுமீறிக் கேட்டால் மக்கள் எதையும் கொடுக்காமல் விலகிவிடுவர். வாரம் 30 பவுண்டு பெறும் எழுத்தருக்கு 5 விழுக்காடு என்பது ஒன்றரைப் பவுண்டு. திரைப்படமும் நூலில் ஒரு பாதியும் போகும். தாயும் மகளும் எஞ்சுவர். முகாமில் ஒருவருக்கு அந்த வாரம் கிடைக்கும். இன்னொருவருக்கு அதில் பாதி.

சிந்தனை வினாக்கள்

1. 'கடினமானது' என்பதும் 'அளவுமீறியது' என்பதும் எவ்வாறு வேறுபடுகின்றன? பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
2. இரு குழந்தைகள் எடுத்துக்காட்டு மர்ஃபியின் கருத்தை முறியடிக்கிறதா? உம் நிலைப்பாட்டைக் காரணத்துடன் எழுதுக.
3. எழுத்தர் எத்தனையாவது பவுண்டில் நிறுத்தலாம்? அவ்விடத்தைத் தேர்ந்ததற்கான விதியைக் கூறி, அவ்விதியைக் குளத்துக் குழந்தைக்கும் பொருத்திப் பார்க்க.