ஐப்பசி மழைக்கு முன் மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள்

புரட்டாசி முடிவதற்குள் செம்மண் மானாவாரி நிலங்களின் மண் நயத்தைப் பார்த்துவிடுங்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் ஈர மண் சல்லடையில் இறங்காது.

மேல்மண்ணை 15 செ.மீ. ஆழம் வரை நாலைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். சரளை கணக்கில் சேராது. ஒரு கைப்பிடி மண்ணில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, கட்டி ஒன்றுகூட விரலில் தட்டாதவரை பிசையுங்கள். செம்மண்ணில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். இரும்புச் சத்து களித்துகள்களைச் சிறு மணிகளாக இறுக்கி வைத்திருக்கும். அரைகுறையாகப் பிசைந்தால் அவை மணலாகவே நெருடும். பிசையப் பிசைய நெருடல் குறைந்து ஒட்டும் தன்மை கூடினால், நெருடியதில் ஒரு பகுதி களி என்று அறியலாம். அதற்குமேல் மாறாத நிலை வரும்வரை நிறுத்தாதீர்கள்.

பிறகு உருண்டை பிடியுங்கள். உருண்டையே நிற்காவிட்டால் அது மணல். உருண்டை நின்றால், கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் தள்ளி நாடாவாக நீட்டுங்கள். தன் எடையில் அறுந்து விழும்போது நாடாவின் நீளம் 2.5 செ.மீ.க்குள் இருந்தால் களி குறைவு, 5 செ.மீ. வரை போனால் நடுத்தரம். அதையும் தாண்டினால் களிமண். கடைசியாக, ஒரு சிட்டிகை மண்ணை உள்ளங்கையில் நிறைய நீர் விட்டுத் தேயுங்கள். நெருடல் மேலோங்கினால் மணல் மிகுதி, மாவாக வழுக்கினால் வண்டல் மிகுதி.

உதாரணத்துக்கு, நாடா 3 செ.மீ., தேய்த்தால் நல்ல நெருடல் என்று வைத்துக்கொள்வோம். கை சொல்வது: மணற்பாங்கான களி கலந்த இருமண்பாடு.

இதை முக்கோணப் படத்தோடு ஒப்பிட விகிதம் வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், நீர், ஒரு தேக்கரண்டி சலவைத் தூள் போட்டு இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் குலுக்கி நிறுத்துங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் வண்டல், நீர் தெளியும்வரை களி. தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஒவ்வொரு நேரத்திலும் மட்டத்தைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தம் 10 செ.மீ.யில் மணல் 5.5, வண்டல் 2, களி 2.5 என வந்தால் 55, 20, 25 விழுக்காடு. படத்தின் இடப்பக்கத்தில் களி 25-லிருந்து படுக்கையாக ஒரு கோடு இழுங்கள். அடிப்பக்கத்தில் மணல் 55-லிருந்து வலப்பக்க விளிம்புக்கு இணையாக, இடப்புறம் சாய்ந்து மேலேறும் கோடு இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் கட்டம் கை சொன்ன அதே வகைதான்.

ஒரு எச்சரிக்கை: களி நீரில் உப்பிப் படிவதால் பாட்டில் அதைக் கூட்டியே காட்டும். இந்த வகைக்குக் களி 20 விழுக்காடாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் அது மணற்பாங்கான இருமண்பாடு. ஆகவே பாட்டிலில் 22, 23 என்று எல்லையை ஒட்டி வந்து, நாடாவும் 2.5 செ.மீ.யைத் தாண்டத் தயங்கினால், நான் நாடாவையே நம்புவேன். கையும் படமும் வெகுவாக முரண்பட்டால், புதிய பிடி மண்ணை எடுத்து இன்னும் நேரம் கொடுத்துப் பிசையுங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் மாதிரியை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி, துகள் அளவுப் பகுப்பாய்வு வேண்டுமென்று தனியாக எழுதிக் கேளுங்கள்.