அந்த மாத்திரை கிட்னியைச் சுகமாக்காது

கலஹா, தெல்தோட்டைப் பக்கம் சிறுநீரக நோயாளி உள்ள வீடுகளில் இப்போது இதே பேச்சுதான். "இந்தியாவுல புது மாத்திரை வந்திருக்காம். போட்டா கிட்னி திரும்ப வேல செய்யுமாம். ஊசியும் வேணாம், ரத்தம் கழுவவும் வேணாம்." கூடலூர்ச் சொந்தக்காரர் போனில் சொன்னாராம். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

மாத்திரை வந்தது மெய்தான். டெசிடுஸ்டாட் என்று பெயர். 2022 மார்ச்சில் இந்தியா அனுமதித்தது. ஆனால் அது சிறுநீரக நோயால் வரும் இரத்தசோகைக்கான மருந்து, சிறுநீரகத்துக்கானது அல்ல.

சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்கு இடையே உள்ள சில கலங்கள் ஹிஃப்-2 என்ற புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கின்றன. ஒட்சிசன் போதுமான அளவு இருந்தால், ஒரு நொதியம் அந்த ஒட்சிசனைக் கொண்டே புரதத்தில் அடையாளம் இடும். அடையாளம் விழுந்த புரதம் சில நிமிடங்களில் அழிக்கப்படும். ஒட்சிசன் குறைந்தால் நொதியம் முடங்குகிறது. தப்பிய புரதம் கருவுக்குள் போய் எரித்ரோபொயட்டின் பரம்பரையலகை முடுக்கிவிடுகிறது. அந்த ஓமோன் எலும்பு மச்சைக்குப் போய்ச் செங்குருதிக் கலங்களைப் பெருக்கும். ஒட்சிசனைக் கலங்கள் உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்கே கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் 2019 நோபல் பரிசு.

நோய் முற்றும்போது இந்தக் கலங்கள் தழும்புத் திசுவாக்கும் வேலைக்கு மாறி, ஓமோன் சுரப்பதைக் கைவிடுகின்றன. மாத்திரை அந்த நொதியத்தைத் தடுக்கிறது. ஒட்சிசன் இருக்கும்போதே இல்லாதது போன்ற நிலை உண்டாகி, மிஞ்சிய கலங்களும் ஈரலும் ஓமோனைச் சுரக்கின்றன. 2010இல் வெளியான ஆய்வொன்றில், இரு சிறுநீரகங்களும் அகற்றப்பட்டவர்களுக்கு இவ்வகை மாத்திரையைக் கொடுத்தபோதும் ஓமோன் கூடியது. இல்லாத சிறுநீரகத்தையா மாத்திரை சுகப்படுத்தியது?

ஹீமோகுளோபின் 8, கிரியேட்டினின் 6 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையால் முதல் எண் 10.5க்கு ஏறலாம், களைப்பு குறையும். இரண்டாவது எண்ணை அது இறக்காது, கழிவு அப்படியே தேங்கும். டயலிசிஸை நிறுத்தினால் உயிர் போகும். ஹீமோகுளோபினை மிகையாக ஏற்றினாலும் இரத்தம் உறையலாம், பக்கவாதம் வரலாம். இதே இனத்து டாப்ரோடுஸ்டாட்டை அமெரிக்கா 2023இல் கடும் எச்சரிக்கையோடுதான் அனுமதித்தது. அதுவும் நான்கு மாதமாவது டயலிசிஸ் செய்தவர்களுக்கு மட்டும்.

பீட்ரூட் சாறு? எரித்ரோபொயட்டினைத் தராது. மலைக்காற்று? கலஹாவின் உயரம் இதற்குப் போதாது.

இரும்புச்சத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அது இல்லாமல் எரித்ரோபொயட்டின் ஊசியும் பயன் தராது, மாத்திரையும் பயன் தராது. நம் தோட்டப் பெண்கள் இரும்பு மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்குகிறார்கள். தேயிலை அந்த இரும்பை உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீரோடு போடுங்கள், தேநீரை ஓரிரு மணிநேரம் கழித்துக் குடியுங்கள். அடுத்த கிளினிக்கில் ஃபெரிட்டின் எவ்வளவு என்று கேளுங்கள். கூடலூரிலிருந்து பார்சலில் எதையும் வரவழைக்காதீர்கள்.