"நாளை" என்று எழுதாதீர்கள்

வெள்ளவத்தையில் நான் வசிக்கும் தொடர்மாடியில் தண்ணீர்த் தாங்கி கழுவ முடிவானது. அறிவித்தல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கையில் இருந்தவை சங்கத்தார் அனுப்பிய மூன்று குரல் பதிவுகள் மட்டுமே.

"நாளை காலை தண்ணீர் நிற்கும்" என்றார் தலைவர். வியாழன் காலை கேட்ட நான், அப்படியே எழுதி ஒட்டினேன். அவர் பேசியதோ புதன் இரவு. அன்றே தண்ணீர் நின்றது. வீட்டில் சாப்பாடு சமைத்து விற்கும் ஒருவருக்கு அன்றைய ஓடர் முழுவதும் கைநழுவியது.

அடுத்த முறை ஒவ்வொரு பதிவையும் எழுதி, அது அனுப்பப்பட்ட நாளையும் நேரத்தையும் பக்கத்தில் குறித்தேன். "நாளை" என்பதைத் திகதியாக்கினேன். தலைவர் இரண்டு மணித்தியாலம் என்றார், காவலாளி நான்கு என்றார். ஊகிக்காமல் வேலை செய்பவரையே கேட்டு எழுதினேன்.

பிறகு ஒரே பக்கத்தில் நான்கு தலைப்புகள்: என்ன வேலை, எப்போது, நீங்கள் செய்ய வேண்டியது, கட்டணம். பொருளாளர் முதலில் பேசிய பணம் கடைசிக்குப் போனது. வாசிப்பவர் முதலில் தேடுவது நேரத்தையே.

அடியில் கட்டம் போட்டுத் தொடர்பு விபரம். "சங்கத்தைத் தொடர்புகொள்ளவும்" என்றால் யாரை அழைப்பது? தாங்கி வேலைக்குப் பராமரிப்பாளர், பணத்துக்குப் பொருளாளர் என்று பெயர், இலக்கம், அழைக்கக்கூடிய நேரம் எழுதினேன். வீதிக் குழாயிலேயே தண்ணீர் வராவிட்டால் நீர் வழங்கல் சபையின் 1939.

அச்சிடுமுன் மூவருக்கும் வாசித்துக் காட்டினேன். பொருளாளர் கட்டணத்தில் ஒரு பிழையைத் திருத்தினார்.