ஒரே மேஜையா, ஆயிரம் மேஜைகளா?

கேள்வி: பன்மைவாதம், கார்ப்பரேட்டிசம் என்கிறார்களே, கூலிப் பேச்சில் என்ன வித்தியாசம்?

பதில்: முதலில் ஒன்று. இந்தக் கார்ப்பரேட்டிசம் கார்ப்பரேட் கம்பெனிகளைப் பற்றியதல்ல. அரசு அங்கீகரித்த சில பெரிய அமைப்புகள் ஒரு தரப்பு முழுவதற்கும் பேசுகிற ஏற்பாடு அது. பன்மைவாதத்தில் எத்தனை குழுக்களும் முளைக்கலாம். ஆள்பலம் திரட்டுவது அவரவர் பாடு.

அமெரிக்கா பன்மைவாதத்துக்கு நெருக்கம். 1935-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், உதாரணமாக ஒரு கிடங்கில் 30 சதவீதத் தொழிலாளர்கள் கையெழுத்திட்டால், சங்கம் வேண்டுமா என்று ரகசிய வாக்கெடுப்பு கேட்கலாம். ஜெயித்தாலும் கிடைப்பது பேசும் உரிமைதான். ஒப்பந்தம் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம். அடுத்த தெருக் கிடங்கில் எல்லாம் முதலிலிருந்து. இன்று பத்தில் ஒரு தொழிலாளிதான் சங்கத்தில் இருக்கிறார்.

கார்ப்பரேட்டிசத்துக்கு நெருக்கம் ஆஸ்திரியா. அங்கே பெரும்பாலான முதலாளிகள் பொருளாதார சபையில் கட்டாய உறுப்பினர்கள். ஆகவே அதன் துறைப் பிரிவு கூலி ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்து அந்தத் துறையின் சின்னப் பட்டறையையும் கட்டுப்படுத்தும். சங்கத்தில் சேராத தொழிலாளிக்கும் அதே கூலி. இலையுதிர் காலத்தில் உலோகத் துறை முதலில் பேசும். விலைவாசி உயர்வு, உற்பத்தித்திறன் வளர்ச்சி இரண்டையும் வைத்துக் கணக்கிடுவார்கள். மற்ற துறைகள் அதைப் பார்த்தே பேரத்தைத் தொடங்கும். சட்டப்படி தேசியக் குறைந்தபட்சக் கூலி கிடையாது. ஆனாலும் பெரும்பாலும் எல்லா ஊழியரும் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

கூலி வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால் ஆஸ்திரிய முறையே மேல் என்பேன். ஆனால் மேஜையில் இடமில்லாத புதுக் குழு உள்ளே நுழைவது அங்கே கடினம். அந்தக் குறை சின்னதல்ல.